ஸ்டெல்லாமேரியின் குழாயடிச் சண்டை

ஸ்டெல்லா அக்கா நாற்காலியில் உட்கார்ந்து எழுதி நான் பார்த்ததில்லை. மூலக்குளத்தில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கார்ட்டூன் கம்பெனி இருக்கிறது. அங்கே அவருக்கென்று மேசை உண்டு, சுழலும் நாற்காலி உண்டு, மேலே ஒரு மின்விசிறியும் உண்டு. அந்த நாற்காலியில் அவருடைய துப்பட்டாவும் ஹெல்மெட்டும்தான் உட்கார்ந்திருக்கும். அக்கா ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டே வசனத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார். நெல்லித்தோப்பிலிருந்து வண்டியில் வரும்போது சிக்னலில் நின்று இரண்டு குரலில் பேசுவார். பக்கத்து ஆட்டோக்காரர் பயந்துபோய்ப் பார்ப்பார். அதைப் பற்றி அக்காவுக்கு ஒரு கவலையும் கிடையாது.

நான் கோபிநாத். குரல் பதிவு செய்கிறவன், ஒலியைச் சேர்க்கிறவன். ஒருவர் நடந்துகொண்டே பேசினால் மைக்கில் எப்படிப் பதிவது? தினமும் இதற்கே எனக்கும் அவருக்கும் தகராறு. "ஒரு எடத்துல நில்லுங்கக்கா" என்பேன். "நின்னா வாய் வராதுடா" என்பார். எனக்கு உச்சிமுடி வரை எரியும்.

அக்கா எங்களிடம் வருவதற்கு முன் ஒரு கான்வென்ட் பள்ளியில் யூகேஜி டீச்சர். பிள்ளைகளை வாயில் விரல் வைத்து உட்காரச் சொல்லும் வேலை. உட்காரவே தெரியாத மனுஷி வருஷக்கணக்கில் அடுத்தவர் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டிருந்தார் என்றால் அது எவ்வளவு பெரிய கொடுமை! "சாயங்காலம் ஊட்டுக்குப் போனா கழுத்துல கல்லு கட்டுன மாதிரி இருக்கும் கோபி. நானும் உக்காந்து, அதுங்களையும் உக்கார வெச்சி, எதுக்குன்னே தெரியாது" என்று ஒருமுறை சொன்னார். அதனால்தான் வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வசனம் எழுத வந்தார். வந்த பிறகு சின்னச் சின்ன விளம்பரங்கள் எழுதினார். தொடர் என்று முதலில் கிடைத்தது இதுதான். ஒரு குழந்தைகள் நல அறக்கட்டளைக்காக, நல்ல பழக்கங்களைப் பற்றிய கார்ட்டூன். முதல் கதை கை கழுவுவது.

எங்கள் முதலாளி ராமலிங்கம் சார் ஆரம்பத்திலேயே விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார். "மொத கதை புள்ளைங்களுக்குப் புடிக்கணும், அறக்கட்டளை டாக்டரம்மாவுக்கும் புடிக்கணும். இல்லன்னா மிச்சத்த சென்னையில வேற ஆளு எழுதுவாங்க. நான் ஒண்ணும் செய்ய முடியாது ஸ்டெல்லா." அப்படி ஆகிவிட்டால் அக்காவுக்கு இங்கே வேலை இல்லை. திரும்ப கான்வென்ட்டுக்குத்தான் போகவேண்டும். அங்கே தலைமை சிஸ்டர் வேறு, "உன் எடத்த இன்னும் யாருக்கும் குடுக்கல, வர்றியா, இல்லியா?" என்று போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். போன் அடிக்கும்போதெல்லாம் அக்காவின் நடை வேகமாகும்.

முதலில் எழுதிக்கொண்டு வந்ததைப் படித்தார். கதையில் சிட்டு அக்கா, மிட்டு தம்பி. சிட்டு சொல்கிறாள்: "மிட்டு, சாப்பிடுவதற்கு முன் கை கழுவினாயா? கழுவாவிட்டால் கிருமிகள் வயிற்றுக்குள் போய்விடும். சமத்துப் பிள்ளைகள் சோப்பு போட்டுத்தான் கழுவுவார்கள்."

"அக்கா, பஸ் ஸ்டாண்டுல மைக் வெச்சி அறிவிக்கறாங்களே, அது மாதிரி இருக்கு" என்றேன்.

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போடா, உனக்கு என்னா தெரியும்? சவுண்டுக்காரன்!" என்று கத்திவிட்டு மாடிப்படியில் இறங்கிப் போனார். அரைமணி நேரம் கழித்து வந்து, "நீ சொன்னது சரிதான். டீச்சர் உள்ள பூந்துகினு பேசறா. வெரட்டினாலும் போவ மாட்டேங்கறா" என்றார். சொல்லும்போது முகம் வாடியிருந்தது. எனக்கும் பாவமாக இருந்தது, ஆனால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

டீச்சரை விரட்ட அவர் கண்டுபிடித்த வழி கொர்ரு. கொர்ரு ஒரு கிருமி. மிட்டுவின் நகத்துக்குள் குடியிருக்கும் பச்சை நிற உருண்டை. யாரும் அறிவுரை சொல்ல வேண்டாம், கிருமியே பேசட்டும், தன் வாயாலேயே தன் ரகசியத்தை உளறட்டும் என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. பிடித்ததற்கு இன்னொரு காரணம், கொர்ருவுக்குக் குரல் கொடுத்தது நான். "ஐயோ, தண்ணி வருதே! எனக்கு நீச்சல் தெரியாதே! பக்கத்து நகத்து கோரமுத்து மாமா, கைய புடி!" என்று நான் மூக்கால் அழுததைக் கேட்டு, படம் வரைகிற ஜெஸ்டின் தரையில் உருண்டு சிரித்தான். அந்த ஒரு வரிக்காக எத்தனை முறை பேசிப் பார்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

முழுப்படமும் வரைந்த பிறகு தப்பு தெரிந்தால் பணமும் உழைப்பும் பாழ். அதனால் முதலில் கோட்டுப் படங்களை வரிசையாக வைத்து, தற்காலிகக் குரலைச் சேர்த்து, பிள்ளைகளிடம் ஓட்டிக் காட்டுவது எங்கள் வழக்கம். அரியாங்குப்பத்தில் ஒரு பால்வாடியில் அனுமதி வாங்கியிருந்தார் சார். பால்வாடி டீச்சர் அஞ்சலாட்சி பாய் விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தார். அறக்கட்டளையின் டாக்டர் சுலோசனா சுவரோரம் நாற்காலியில் அமர்ந்தார். நான் லேப்டாப்பைத் திறந்தேன். அக்கா வெளியே வாசலுக்கும் வேப்பமரத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கொர்ரு வாயைத் திறந்தாலே கைதட்டல். நான் மிதப்பில் இருந்தேன். கடைசியில் சோப்புத் தண்ணீரில் கொர்ரு, "போயிட்டு வரேன், போயிட்டு வரேன்" என்று கத்திக்கொண்டே சாக்கடைக்குள் போனபோதுதான் கூத்து ஆரம்பித்தது. முன்வரிசையில் இருந்த இனியா என்ற பெண் உதட்டைப் பிதுக்கினாள். அப்புறம் ஓவென்று அழுதாள். அவள் அழுததைப் பார்த்து இன்னொருவன். "கொர்ரு எங்க போச்சி? கொர்ரு அம்மா எங்க?"

"அது கெட்டது பாப்பா. போனா நல்லதுதானே?" என்றார் டாக்டர்.

"நீதான் கெட்டது!" என்றாள் இனியா.

சாப்பாட்டு நேரம் வந்தது. பிள்ளைகளைக் குழாய்க்கு அழைத்துப் போனார் அஞ்சலாட்சி. பாதிப் பேர் கையை முஷ்டியாக மூடிக்கொண்டு நின்றார்கள். திறக்கவே மாட்டேன் என்கிறார்கள். "கழுவ மாட்டேன். கொர்ரு உள்ள தூங்குது" என்று ஒருவன் முஷ்டியைக் காதில் வைத்துக் கேட்டான். தினமும் ஒழுங்காகக் கழுவிக்கொண்டிருந்த பிள்ளைகளாம். எங்கள் படத்தைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டார்கள். அஞ்சலாட்சி என்னை முறைத்த முறைப்பில் நான் லேப்டாப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

டாக்டர் சுலோசனா சத்தம் போடவில்லை. "நல்ல வசனமெல்லாம் கிருமிக்கே குடுத்துட்டீங்க ஸ்டெல்லா. சிட்டுவும் மிட்டுவும் சும்மா நிக்கறாங்க. புள்ளைங்க யாரு நல்லா பேசறாங்களோ அவங்க பக்கம்தான் போவாங்க" என்றார். உண்மைதான். "இன்னொரு தரம் காட்டுங்க. இந்த தரம் கை கழுவுற முறை முழுசா வரணும். கடைசியில ஒரு வரியாவது நேரா சொல்லணும். அது இல்லாம நான் கையெழுத்து போட மாட்டேன்."

திரும்பி வரும்போது அரியாங்குப்பம் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. அக்கா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என்னிடம், "நீ ஓட்டினு வா, நான் நடக்கறேன்" என்றார். பாலத்தின்மேல், வெயிலில், லாரிகளுக்குப் பக்கத்தில். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே பின்னால் வந்தேன். திட்டிக்கொண்டேதான் வந்தேன். அப்போது அவர் போன் அடித்தது. சிஸ்டர். அக்கா எடுக்கவில்லை. "கோபி, நான் போயிடுவேன்னு தோணுது. திரும்பவும் அந்த ரூமுல போய் உக்காந்துடுவேன். சேசுவே, எனக்கு மூச்சு முட்டுது" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். "வண்டியில ஏறுங்கக்கா, ஹாரன் அடிக்கறானுங்க" என்றேன்.

அடுத்து வந்த நாட்கள் நரகம். டாக்டர் கேட்ட முறையில் உள்ளங்கை உண்டு, புறங்கை உண்டு, விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி, மணிக்கட்டு எல்லாம் உண்டு. சோப்புப் போட்டு இருபது நொடியாவது தேய்க்க வேண்டும். கார்ட்டூனில் இருபது நொடி என்பது ஒரு யுகம். பிள்ளைகள் அதற்குள் பாயை விட்டு எழுந்து போய்விடுவார்கள். அந்த இருபது நொடிக்கு என்ன வசனம் வைப்பது? "உள்ளங்கையைத் தேய், புறங்கையைத் தேய்" என்று பாட்டு எழுதினார். கிழித்தார். சிட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுப்பதுபோல் எழுதினார். அதையும் கிழித்தார். எங்கள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். தேநீர் கொண்டுவந்தவரைக்கூட விடவில்லை. நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கூடம் முழுக்க ஒரே கடுகடுப்பு.

அப்படி ஒரு மதியம். அக்காவின் டிபன் பாக்ஸில் வஞ்சிரம் வறுவல் இருந்தது. மேசையில் திறந்து வைத்துவிட்டு அவர் நடந்துகொண்டிருந்தார். எனக்குப் பசி. ஒரு துண்டுதான் எடுத்தேன். இருந்ததே ஒரு துண்டுதான்.

அக்கா வாஷ்பேசினில் கைக்குச் சோப்பு போட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "டேய், மீன் எங்க?"

"எந்த மீன்?"

"என் பாக்ஸுல இருந்த மீன்!"

"எனக்கு என்னாக்கா தெரியும்?"

"உதட்டுல மசாலா இருக்குது, மூதேவி!"

"அது காலையில தின்ன தோச."

"தோசைக்கு முள்ளு இருக்குமாடா? சட்டையில ஒட்டினு இருக்குது பாரு!"

"மொதல்ல கொழாய மூடுங்க, தண்ணி போவுது!"

குழாயை மூடினார், வாயை மூடவில்லை. அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, அப்படியே வளர்ந்தது. திட்டத் திட்ட அவர் கை ஒன்றையொன்று பிசைந்துகொண்டே இருந்தது. உள்ளங்கை, புறங்கை, விரலுக்கு நடுவே, கட்டைவிரலைப் பிடித்து ஒரு முறுக்கு. அது என் கழுத்து என்று நினைத்து முறுக்கியிருப்பார். மணிக்கட்டு வரை நுரை.

திடீரென்று நின்றார். கையைப் பார்த்தார்.

"கோபி. எவ்ளோ நேரமா தேய்ச்சினு இருக்கேன்?"

"யாருக்குத் தெரியும்? மீன் போன நேரத்துலேர்ந்து."

"திரும்பத் திட்டு."

"என்னாது?"

"திரும்பத் திட்டுடா! நேரம் பாரு!"

நான் திட்டினேன். அவரும் திட்டினார். ஜெஸ்டின் நேரம் பார்த்தான். சண்டை முடிய இருபது நொடிக்கு மேலேயே ஆனது. அக்கா ஈரக் கையோடு என் தலையைப் பிடித்து ஆட்டினார். "கை கழுவறதப் பத்தி ஒரு வார்த்த பேச வேணாம்! சண்டை போடட்டும்! கை பாட்டுக்கும் கழுவட்டும்! வாய்க்கு சண்ட, கைக்கு சோப்பு!" மீனை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். இன்று வரை மன்னிக்கவில்லை.

முதலில் போண்டாவுக்காகச் சண்டை என்று எழுதினார். கடைசிப் போண்டாவை யார் தின்றது என்று. உடனே அவரே அடித்தார். "கை கழுவறதுக்கு முன்னாடியே தின்னுட்ட மாதிரி ஆயிடும். டாக்டரம்மா தோல உரிச்சிடுவாங்க." அதனால் பந்து வந்தது. சிட்டுவும் மிட்டுவும் விளையாடிவிட்டு, கை முழுக்க மண்ணோடு குழாயடிக்கு வருகிறார்கள். பந்து சாக்கடையில் விழுந்துவிட்டது. சோப்பு போட்டதும் சிட்டு சண்டையை ஆரம்பிக்கிறாள்.

"பந்த யாரு சாக்கடையில போட்டது?"

"நான் இல்ல."

"பின்ன யாரு?"

"காலு."

"யாரு காலு?"

"என் காலு."

"அப்ப நீதானே?"

"நான் வேணாம்னேன். காலு கேக்கல."

"ஏன் கேக்கல?"

"காலுக்குக் காது இல்ல!"

"காது எங்க இருக்கு?"

"தலையில."

"தலை சொல்லலியா?"

"தலை தூங்கிடுச்சி."

"இப்ப யாரு எடுக்கறது?"

"நீ!"

"நான் ஏன்?"

"உன் காலு சும்மாதானே இருக்கு!"

அவ்வளவுதான். ஒவ்வொரு வரிக்கும் ஜெஸ்டின் ஓர் அசைவு வரைந்தான். உள்ளங்கைக்கு ஒன்று, விரலிடுக்குக்கு ஒன்று என்று டாக்டர் கேட்டது ஒன்றுகூட விடவில்லை. படத்தில் தெரிவதை வாயால் சொல்லக்கூடாது என்பது அக்காவின் புதுச் சட்டம். குழாயைத் திறந்ததும் கறுப்புத் தண்ணீர் ஓடுவது படத்தில் தெரிகிறது, போதும். கதையில் இந்தச் சண்டை மூன்று இடத்தில் வரும். சாப்பாட்டுக்கு முன், கக்கூஸ் போய் வந்த பிறகு, சாயங்காலம் சுண்டலுக்கு முன். குழாயடி தவிர வேறெங்கும் வராது. கொர்ருவைத் தூக்கிவிட்டார்கள். எனக்கு வருத்தம்தான், என்ன செய்வது? மிட்டுவின் குரலையாவது கொடுங்கள் என்று கேட்டேன். தரவில்லை. பிள்ளைக் குரல்தான் வேண்டுமாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அக்கா தோற்றார். கடைசி வரி. டாக்டர் விடவில்லை. "பார்த்தீர்களா குழந்தைகளே, நீங்களும் சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்!" பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் சேர்த்தோம்.

மறுபடி அதே பால்வாடி, அதே பாய். படம் ஓடியது. பிள்ளைகள் சிரித்தார்கள், ஆனால் கொர்ருவுக்குச் சிரித்த அளவுக்கு இல்லை. இரண்டாம் முறை சண்டை வந்தபோது சிலர் வாயசைத்தார்கள். மூன்றாம் முறை "காலுக்குக் காது இல்ல" என்று பாதி வகுப்பு கத்தியது. கடைசி வரி வந்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஒருத்தன் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் சுலோசனா முன்னால் வந்து குனிந்தார். "பாப்பா, இந்தக் கதையில என்னா தெரிஞ்சிக்கிட்ட?"

இனியா யோசித்தாள். "காலுக்குக் காது இல்ல."

"அது சரி. வேற?"

"பந்து சாக்கடையில வுழுந்துடுச்சி."

"சாப்புடறதுக்கு முன்னாடி என்னா செய்யணும்?"

"பந்த எடுக்கணும்."

டாக்டர் நிமிர்ந்து ராமலிங்கம் சாரைப் பார்த்தார். சார் தரையைப் பார்த்தார். அக்கா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். நின்றார் என்றா சொன்னேன்? ஆமாம், நின்றுவிட்டார். நடை இல்லை, கையசைவு இல்லை, ஒன்றும் இல்லை. அவர் அப்படி அசையாமல் நின்றது எனக்குப் பயமாக இருந்தது. கைப்பையைத் தோளில் மாட்டி, போனை எடுத்துப் பார்த்தார். சிஸ்டருக்கு அடிக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது சாப்பாட்டு மணி அடித்தது. சாம்பார் வாசனை வந்தது. பிள்ளைகள் குழாயடிக்கு ஓடினார்கள்.

அங்கே இரண்டே குழாய். முதலில் போன இரண்டு பேர் சோப்பு எடுத்ததும் ஒருத்தி ஒருத்தனைப் பார்த்து இடுப்பில் இடித்தாள். "பந்த யாரு சாக்கடையில போட்டது?"

"நான் இல்ல!"

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நுரை பொங்கப் பொங்கச் சண்டை. நடுவில் ஒரு வரியை மறந்துபோய், "இரு, இரு" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பின்னால் நின்றவர்கள் பொறுக்க முடியாமல் சோப்பை மட்டும் வாங்கிக் கையில் தேய்த்துக்கொண்டு வரிசையிலேயே சண்டை போட்டார்கள். அந்தச் சந்து முழுக்கக் கேட்டிருக்கும் அந்தக் கூச்சல். "சீக்கிரம் கழுவுங்கடி, சோறு ஆறுது!" என்று அஞ்சலாட்சி கத்தினார். ஒருத்தரும் நுரையைக் கழுவவில்லை. "உன் காலு சும்மாதானே இருக்கு" வரை போனால்தான் குழாய் திறக்கும்.

டாக்டர் சுலோசனா கதவருகே வந்து நின்றார். இரண்டு ஜோடி முடியும்வரை பார்த்தார். அப்புறம் சாரிடம், "அந்தக் கடைசி வரிய எடுத்துடுங்க" என்றார்.

சார் என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். வலித்தது. "அக்கா! அக்கா!" என்று கத்திக்கொண்டு நான் வாசலுக்கு ஓடினேன். டாக்டர் சொன்னதை அக்காவிடம் சொல்லவேண்டும். ஆனால் அக்கா வாசலில் இல்லை. கைப்பை மட்டும் வேப்பமரத்தடியில் கிடந்தது.

குழாயடியில் இருந்தார். சோப்பு போட்டுக்கொண்டு ஜோடி கிடைக்காமல் நின்ற இனியா அவர் சுடிதாரைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அக்கா குந்தி உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை நுரை.

"நான் இல்ல" என்றார் அக்கா.

"பின்ன யாரு?" என்றாள் இனியா, கண்ணை உருட்டி.

மரத்தடியில் கைப்பைக்குள் போன் அடித்தது. நான் எடுத்துப் பார்த்தேன். சிஸ்டர். "அக்கா, கான்வென்ட்டுலேர்ந்து! என்னா சொல்ல?"

அக்கா எழ முயன்றார். இனியா நுரைக் கையால் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். "சொல்லு! யாரு?"

"இரு கண்ணு, சொல்றேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, அக்கா என்னைப் பார்த்துக் கத்தினார். டாக்டர் சொன்னது இன்னும் அவருக்குத் தெரியாது. "நீயே எடுத்துப் பேசுடா. ஸ்டெல்லா வர மாட்டான்னு சொல்லு. வேலையா உக்காந்திருக்கான்னு சொல்லு."